பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது

(செமினி கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், வேலைநீக்கம் பற்றிப் பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று சொத்து வழக்கைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். காரணம் உண்டு. செமினியைச் சுற்றிப் பால்மரம் நின்ற மேடுகளில் இன்று வீடுகள் நிற்கின்றன. தோட்டம் மூடப்பட்டபோது கிடைத்த நட்டஈட்டையும் சேமநிதிப் பணத்தையும் கொண்டு நம்மவர்கள் சிறு வீடுகளை வாங்கினார்கள். அவ்வாறு வாங்கிய வீடுகளில் எத்தனை வாங்கியவர் பெயரில் இருக்கின்றன என்று நம் வரிசையிலேயே கேட்டுப் பாருங்கள். மகன் பெயர், மருமகன் பெயர், தம்பி பெயர் என்றே பதில் வரும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் நம்மைத் தேடி வந்தார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் ரசீதுகள். "கிராணி, வீடு என் காசுல வாங்கினது. பேரு மட்டும் பையன் பேரு. இப்ப அவன் விக்கணுங்கிறான். என் வீட்ட அவன் எப்படி விப்பான்?" என்று கேட்டார். அவருடைய கேள்விதான் இன்றைய நம் பேச்சு. அவருக்கு என்ன பதில் சொன்னோம் என்பதை முடிவில் கூறுவோம். முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தருமகர்த்தாவின் கதை

ஒருவர் பணம் கொடுத்து வேறொருவர் பெயரில் வாங்கும் சொத்துக்குப் பினாமிச் சொத்து என்று பெயர். பினாமி என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். பெயர் இல்லாதது என்பது அதன் பொருள். பணம் போட்டவனுக்குப் பெயர் இல்லை, பெயர் உள்ளவனுக்குப் பணம் இல்லை, அதுதான் பினாமி.

இதில் சட்டம் முதலில் பணம் கொடுத்தவன் பக்கமே சாய்கிறது என்றால் நம்புவீர்களா? உண்மை அதுவே. இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த நியாய முறை, பிறர் பெயரில் வாங்கிய சொத்தைப் பெயர் உள்ளவன் பணம் கொடுத்தவனுக்காகவே வைத்திருக்கிறான் என்று முதலில் எடுத்துக்கொள்ளும். கோயில் தருமகர்த்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் நிலம் அவர் பெயரில் இருக்கலாம். கையெழுத்து அவருடையதாக இருக்கலாம். ஆனால் விளைச்சலை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதுபோலவே, நீங்கள் முழுப்பணம் கொடுத்து உங்கள் தம்பி பெயரில் ஒரு வீடு வாங்கினால், தம்பி அந்த வீட்டுக்குத் தருமகர்த்தாவைப் போன்றவர். அது தமக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது என்று அவர் சொன்னால், அதை மெய்ப்பிக்க வேண்டிய பாரம் அவர் தலையில்.

பாதிப் பணம் கொடுத்தவருக்குப் பாதிப் பங்கு. மூன்றில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதுவரை கதை நேராகப் போகிறது.

மகன் பெயர் என்றால் வேறு கணக்கு

ஆனால் தகப்பன் மகன் பெயரிலோ, கணவன் மனைவி பெயரிலோ வாங்கினால் ஆங்கில நியாயம் அப்படியே தலைகீழாகத் திரும்பும். பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் வாழ்வு அமைத்துக் கொடுப்பது கடமை. ஆகவே அவன் பெயரில் வாங்கியது அவனுக்குக் கொடுத்த தானமே என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். "இல்லை, தானமாகக் கொடுக்கவில்லை" என்று மெய்ப்பிக்கும் பாரம் இப்பொழுது தகப்பன் தலையில் வந்து விழுகிறது. தம்பி பெயரில் வாங்கியவருக்கு இல்லாத சுமை மகன் பெயரில் வாங்கியவருக்கு உண்டு. நம்மவர் நெருங்கிய உறவு என்று நினைத்துத்தான் மகனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நெருக்கமே அங்கு வழக்கைக் கடினமாக்குகிறது.

இந்தியாவில் அப்படி இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1854-ல் லண்டன் பிரிவி கவுன்சில் கோசாய் என்ற குடும்பத்தின் வழக்கில், தகப்பன் மகன் பெயரில் வாங்கிய சொத்தும் தகப்பனுக்கே உரியது என்று கூறியது. இந்தியர்களிடையே பிறர் பெயரில் வாங்குவது நெடுநாள் வழக்கம். ஆகையால் ஆங்கிலேயர் தானம் என்று எண்ணுவதை இந்தியர் மேல் திணிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. ஊர்ப் பெரியவர்கள் "மகன் பேர்ல வச்சா என்ன?" என்று கவலையின்றிக் கேட்பது அந்தப் பழக்கத்தின் மிச்சமே. ஆனால் நாம் இருப்பது மலேசியா. இங்கே ஆங்கில நியாயமே வழிகாட்டி. அதை நம் இனத்தார் ஒருவரே பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார். அந்த வழக்கு ரப்பர் தோட்டத்தைப் பற்றியது. ஆகவே அதை நாம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம்.

நாற்பது ஏக்கர் ரப்பர்

1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விலையை நிமிர்த்த, ரப்பர் விளைவிக்கும் நாடுகள் 1934-ல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மலாயா, இலங்கை, டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகள் முதலியவை அதில் சேர்ந்தன. யாரும் இஷ்டம்போல் ரப்பர் விற்கக் கூடாது. ஒவ்வொரு நிலத்துக்கும் இவ்வளவுதான் என்று அளவு விதிக்கப்பட்டது. அந்த அளவைக் கணக்கிடுவதில் பெரிய தோட்டத்துக்கு ஒரு முறை, சிறு நிலத்துக்கு வேறொரு முறை. நூறு ஏக்கர் என்பது அந்தக் கோடு.

மலாயாவில் ஒரு செட்டியாருக்கு 99 ஏக்கர் ரப்பர் நிலம் இருந்தது. கோட்டுக்கு ஒரு ஏக்கர் குறைவு. அவர் மேலும் 40 ஏக்கர் வாங்கினார். இப்பொழுது 139 ஏக்கர். கோட்டைத் தாண்டிவிட்டார். தாண்டியது வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து, அந்த நாற்பது ஏக்கரைத் தம் மகன் பெயருக்கு மாற்றினார். பத்திரத்தில் விலை ஒன்று எழுதப்பட்டது. ஆனால் மகன் ஒரு காசும் கொடுக்கவில்லை, நிலம் என்னுடையதே, பெயர் மட்டுமே அவனுடையது என்பது தந்தையின் வாதம்.

ஆண்டுகள் கழிந்தன. யுத்தம் வந்தது, போனது. தந்தை அந்த நிலத்தை விற்க விரும்பினார். மகன் இணங்கவில்லை. தந்தை மகன் மேல் வழக்குத் தொடுத்தார். மலாயாக் கோர்ட்டுகளில் தந்தைக்கே வெற்றி. மகன் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார். அந்நாளில் நம் நாட்டு வழக்குகளுக்கு அதுவே கடைசிப் படி. 1962-ல் லார்டு டென்னிங் தீர்ப்பை வாசித்தார். சட்டப் புத்தகங்களில் அதற்குச் செட்டியார் எதிர் செட்டியார் என்றே பெயர்.

தந்தை தோற்றார்.

எப்படித் தோற்றார் என்பதைக் கவனியுங்கள். பணம் அவருடையது அல்ல என்று யாரும் அவரை வீழ்த்தவில்லை. அவரை வீழ்த்தியது அவர் வாயே. மகன் பெயரில் உள்ள நிலம் தானம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் என்றோம் அல்லவா? தானம் அல்ல என்று காட்ட, "பின் ஏன் மகன் பெயருக்கு மாற்றினீர்?" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவரிடம் இருந்த ஒரே பதில், "நூறு ஏக்கருக்கு மேல் இருப்பதைச் சர்க்காருக்குத் தெரியாமல் மறைக்க" என்பதுதான். அதைச் சாட்சிக் கூண்டில் அவரே சொன்னார். சொன்ன அந்த நிமிடத்தில் அவருடைய வழக்கு முடிந்தது. சர்க்காரை ஏமாற்றச் செய்த ஏற்பாட்டைத் தாமே வெளியிட்டு, அந்த ஏமாற்றைக் கொண்டே நிலத்தை மீட்டுத் தரும்படி கோர்ட்டைக் கேட்க முடியாது என்பது தீர்ப்பு. எதிர்க்கட்சி அந்தக் குற்றத்தைத் தன் மறுப்பில் எழுப்பாவிட்டாலும், கோர்ட்டின் கண்ணில் பட்டுவிட்டால் கோர்ட்டு அதைக் காணாதது போல் இருக்க முடியாது என்றும் சொல்லப்பட்டது. நிலம் விழுந்த இடத்தில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். விழுந்த இடம் மகனின் பெயர்.

மகன் நல்லவர் என்பதற்காக அவருக்கு நிலம் கிடைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் தம் பெயரைக் காட்டினால் போதும். வாய் திறந்தாக வேண்டியவர் தந்தை. அதுதான் வித்தியாசம்.

நினைத்தது வேறு, செய்தது வேறு

"அப்படியானால் மறைக்க நினைத்தவன் எல்லாம் தோற்றானா?" என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு தமிழர் வழக்கே பதில். பர்மாவில் நடந்தது. பெத்தபெருமாள் செட்டி என்பவருக்கும் முனியாண்டி சேர்வை என்பவருக்கும் இடையே நடந்து, 1908-ல் பிரிவி கவுன்சில் வரை போனது. கடன்காரருக்கு எட்டாதபடி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு நிலம் பினாமியாக எழுதி வைக்கப்பட்டது. ஆனால் கடன்காரர் ஏமாறவில்லை. எண்ணம் எண்ணமாகவே நின்றுவிட்டது. ஆகவே உண்மைச் சொந்தக்காரர் பக்கம் நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பர்மாவில் ஏமாற்று நினைக்கப்பட்டது, நடக்கவில்லை; நிலம் திரும்பியது. மலாயாவில் ஏமாற்று நடந்து முடிந்தது, நிலம் திரும்பவில்லை. இங்கிலாந்தில் 2016-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்தக் கடுமையைச் சற்றுத் தளர்த்தி, குற்றத்தின் அளவையும் இழப்பின் அளவையும் எடைபோட்டுப் பார்க்கலாம் என்று கூறியது. அந்தத் தளர்வை நம்பி இங்கே ஒருவர் வீட்டைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

இது பழைய ரப்பர்ச் சட்டத்தோடு போன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். மலிவு விலை வீட்டுக்கு வருமான வரம்பு உண்டு. ஏற்கெனவே வீடு உள்ளவருக்கு அது கிடைப்பதில்லை. தம் பெயரில் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, மகள் பெயரில் மனுப் போட்டு, தாம் பணம் கட்டிய தகப்பன் நாளைக்குக் கோர்ட்டில் என்ன சொல்லுவார்? "ஏன் மகள் பெயரில்?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் செட்டியாரின் கதிதான் நேரும் என்று அஞ்ச வேண்டும். பொய்யைச் சொன்னால் அது வேறு குற்றம். கடன்காரர் கைக்குத் தப்பச் சொத்தை மனைவி பெயரில் எழுதியவருக்கும் இதே பயம் உண்டு.

பெரியவரின் கணக்கு

பெரும்பாலான நம்மவர் அப்படி எதையும் மறைக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் பாங்கு நீண்ட காலக் கடன் தர மறுக்கிறது. வேலையில் இருக்கும் மகனுக்குத் தருகிறது. அதனால் மகன் பெயர். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கோர்ட்டில் இதைத் தலைநிமிர்ந்து சொல்லலாம். அத்தகையோரின் உரிமை எவ்வளவு? நம்மிடம் வந்த பெரியவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டின் விலை 60,000 வெள்ளி. பெரியவர் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தது 24,000. மீதி 36,000 மகன் பெயரில் பாங்குக் கடன். தானம் அல்ல என்று அவர் மெய்ப்பித்துவிட்டால், 60,000-ல் 24,000, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு வீடு அவருடையது. வீட்டு விலை இன்று இரண்டு மடங்கு ஆகியிருந்தால், அவருக்குப் போட்ட 24,000 மட்டும் அல்ல, இன்றைய விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. பணம் வட்டியாகத் திரும்பவில்லை, பங்காகத் திரும்புகிறது.

கடன் பணமான 36,000 யாருடைய கணக்கில் சேரும்? இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். பாங்குக்குப் பதில் சொல்ல வேண்டியவன் மகன். ஆகவே அந்தக் கடன் முதலில் மகன் போட்ட பணமாகவே எண்ணப்படும். "எட்டு வருஷமா மாசா மாசம் தவணையை நான்தான் கட்டினேன்" என்றார் பெரியவர். அது மட்டும் போதாது. வாங்கும் நேரத்திலேயே "கடன் உன் பெயரில், கட்டுவது நான்" என்று இருவரும் பேசிக்கொண்டார்களா என்பதே கேள்வி. பேசியிருந்தால், அதைக் காட்ட முடிந்தால், அந்தப் பங்கும் அவர் பக்கம் வரலாம். அப்படி ஒன்றும் பேசாமல் பின்னால் தாமாகக் கட்டியிருந்தால், அது மகனுக்குச் செய்த உதவியாகப் போய்விடலாம்.

அடுத்து, வீட்டுக்குப் பின்பக்கம் சமையல்கட்டை நீட்டினார், ஓடு மாற்றினார், இரும்புக் கிராதி போட்டார். அதற்கு 9,000 வெள்ளி செலவு என்றார். வாங்கிய பிறகு செய்த செலவு இந்த வழியில் பங்கு ஆகாது. பங்கு பிறப்பது கிரயத்தின்போது, அதன்பிறகு அல்ல. மகன் வேறு வாக்குக் கொடுத்து அதை நம்பி அவர் செலவு செய்தார் என்றால் அது தனி வாதம். அதை மெய்ப்பிப்பது இன்னும் கடினம்.

இனி அத்தாட்சி. தானம் அல்ல என்று எதைக் கொண்டு காட்டுவது? 1955-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு தந்தை-பிள்ளைகள் வழக்கில் கூறிய விதி நமக்கு உதவும். வாங்குவதற்கு முன்னும், வாங்கும் நேரத்திலும், உடன் அடுத்தும் சொன்னதும் செய்ததுமே ஒருவருக்குச் சாதகமாகப் பயன்படும். பத்து ஆண்டு கழித்து, சண்டை வந்த பின், "அது என் வீடு" என்று தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் கடிதத்துக்கு மதிப்பில்லை. பின்னால் சொன்னது சொன்னவருக்கு எதிராக வேண்டுமானால் பயன்படும். எனவே, இந்த விஷயத்தில் பத்து ஆண்டுக்குப் பிந்திய பத்துச் சாட்சிகளைக் காட்டிலும் வாங்கிய வாரத்து ஒரே ஒரு கடிதம் பெரிது.

பிஸ்கட் டின்னில் என்ன இருந்தது? சேமநிதிப் பணம் வந்த தாள். அதே வாரத்தில் வீட்டுக்காரக் கம்பெனிக்குப் போன பாங்குச் சீட்டு. மதிப்பீட்டு வரி ரசீதுகள் எல்லாம் பெரியவர் பெயர் எழுதி. கடன் தவணைக்கு மகன் கணக்கில் போட்ட சீட்டுகள். முதல் இரண்டும் பொன். அவை பணம் யாருடையது என்பதைக் காட்டின. ஆனால் ஏன் மகன் பெயர் என்பதைக் காட்ட ஒன்றும் இல்லை. பாங்கு இவருக்குக் கடன் மறுத்த கடிதம் இருந்ததா என்று கேட்டோம். "அத எதுக்கு வச்சிக்கிறது? கிழிச்சிப் போட்டேன்" என்றார். அந்தக் கிழித்த தாள்தான் அவருக்கு மிகவும் வேண்டிய தாள்.

வெளியாள் வந்துவிட்டால்

இதுவரை சொன்னது தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே உள்ள வழக்கு. மூன்றாம் ஆள் வந்துவிட்டால் கதை மாறும். நம் நாட்டு நிலச் சட்டம் பதிவுப் புத்தகத்தை நம்பி நடப்பது. கிராண்டில் மகன் பெயர் இருக்கிறது. அதை நம்பி ஒருவர் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கித் தம் பெயரில் பதிவு செய்துகொண்டால், தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு அவரைக் காக்கும். பெரியவரின் ஐந்தில் இரண்டு பங்கு வீட்டை விட்டு நீங்கிவிடும். மகன் கையில் உள்ள பணத்தின்மேல் மட்டுமே அவர் வழக்காடலாம். அந்தப் பணம் அங்கே இருந்தால்! வீட்டை மகன் வேறு பாங்கில் அடமானம் வைத்தாலும் அப்படியே.

இதற்குத் தடை உண்டு. கேவியட் என்பது அதன் பெயர். வீட்டின்மேல் தமக்கு உரிமை உண்டு என்று சொல்பவர், பத்தொன்பது-பி என்ற பாரத்தில் காரணத்தை விளக்கிச் சத்தியப் பிரமாணத்தோடு நில அலுவலகத்தில் மனுச் செய்யலாம். 323-ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. கேவியட் பதிவானதும், அது இருக்கும்வரை அந்தக் கிராண்டின்மேல் விற்பனையோ அடமானமோ பதிவாகாது. ஆறு ஆண்டுகள் நிற்கும். ஆனால் அதைப் பதிந்துவிட்டு வீட்டில் தூங்கிவிடக் கூடாது. மகன் நீக்கும்படி கேட்டால் நில அலுவலகம் நோட்டீஸ் அனுப்பும். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கோர்ட்டில் உத்தரவு பெறாவிட்டால் கேவியட் விழுந்துவிடும். கேவியட் என்பது கதவுக்குக் கொடுத்த தாழ்ப்பாள். வழக்கைத் தீர்த்து வைக்கும் தீர்ப்பு அல்ல. காரணமில்லாமல் போட்டவர் நஷ்டத்துக்கு ஈடு கட்டவும் நேரிடலாம்.

ஊரில் வாங்கிய நிலம்

நம்மில் சிலர் ஊருக்குப் பணம் அனுப்பி, அங்கே அண்ணன் தம்பி பெயரில் நிலமோ வீடோ வாங்கியிருக்கின்றார்கள். இது வேறு நாட்டின் சட்டம், கணக்கும் வேறு. 1854-ல் பினாமிக்கு இடம் கொடுத்த அதே இந்தியா 1988-ல் பினாமியைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதன் நான்காம் பிரிவு, பினாமிச் சொத்து என்னுடையது என்று உண்மைப் பணக்காரர் வழக்குப் போடவே முடியாது என்கிறது. 2016-ல் அந்தச் சட்டம் மேலும் கடுமையாயிற்று. சிறைத் தண்டனை கூட்டப்பட்டது, சொத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இறுக்கப்பட்டது.

விதிவிலக்குகள் உண்டு. கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் மனைவி அல்லது பிள்ளை பெயரில் வாங்கியது பினாமி ஆகாது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, பெற்றோர் என்றால், பத்திரத்தில் உங்கள் பெயரும் அவர்கள் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும். தம்பி பெயர் மட்டும் இருந்து உங்கள் பெயர் இல்லையானால், விதிவிலக்கு இல்லை. மலேசியாவில் தம்பி பெயரில் வாங்கியவரைச் சட்டம் கைதூக்குகிறது. தமிழ்நாட்டில் தம்பி பெயரில் வாங்கியவரைக் கோர்ட்டு வாசலிலேயே நிறுத்துகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்து ஒன்று

இனி வாங்குவோர் செய்ய வேண்டியது சிறிதுதான். முடியுமானால் கிராண்டிலேயே இருவர் பெயரையும் பங்கோடு பதியுங்கள். பாங்கு அதற்குச் சம்மதிக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். முடியாவிட்டால், வாங்கும் நாளிலேயே ஒரு பொறுப்புப் பத்திரம் எழுதி மகன் கையெழுத்து வாங்குங்கள். வழக்கறிஞர் ஒருவர் எழுதி முத்திரைத் தீர்வை கட்டிவிட்டால் உறுதி. அதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: யார் எவ்வளவு பணம் கொடுத்தார், தவணையை யார் கட்டுவது, ஏன் மகன் பெயர், வீட்டை மகன் யாருக்காக வைத்திருக்கிறான். மூன்றாவது செய்தியை எழுதும்போது கை தயங்குகிறதா? எழுத முடியாத காரணம் என்றால், அந்த வீட்டை அப்படி வாங்காதீர்கள். நாளைக்குக் கோர்ட்டிலும் அதைச் சொல்ல முடியாது.

"பெத்த பிள்ளைகிட்டயா கையெழுத்து வாங்கறது?" என்று ஒரு தாயார் சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். அம்மா, அந்தத் தாள் பிள்ளைமேல் சந்தேகப்பட்டு எழுதுவது அல்ல. பிள்ளைக்கு முன்னால் சாவு வந்தால்? உயில் இல்லாமல் மகன் இறந்தால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவியும் மக்களும் உள்ளவன் சொத்தில் பெற்றோருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால், மக்களுக்குப் பாதி. பெயர் மட்டும் பார்த்துப் பிரித்தால், முழுப் பணம் போட்ட நீங்கள் கால் பங்குக்காரர் ஆவீர்கள். மகன் கடனில் விழுந்து திவாலானால், கடன்காரர்கள் அந்த வீட்டை அவன் வீடு என்றே பார்ப்பார்கள். கையெழுத்துப் போட மனமுள்ள நல்ல மகன் உயிரோடு இருக்கும்போதுதான் அது கிடைக்கும். நல்ல மகனுக்கும் மருமகளுக்கும் பின்னால் சங்கடம் வராமல் காப்பதும் அதே தாள்தான்.

பெரியவருக்கு என்ன பதில் சொன்னோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். "உங்கள் வீடு முழுதும் உங்களுடையது அல்ல, ஐந்தில் இரண்டு பங்குக்கு வழக்காட இடம் உண்டு, கடன் பாகத்துக்கு வாதாடலாம், வெற்றிக்கு உறுதி இல்லை" என்றோம். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "முழு வீடும் என் வியர்வை கிராணி" என்றார். அது உண்மை. வியர்வைக்குப் பதிவுப் புத்தகத்தில் பத்தி இல்லை. பிறகு வழக்கறிஞர் மூலம் கேவியட் பதிந்தார்கள். விற்பனை நின்றது. மகனும் மருமகளும் பேச வந்தார்கள். கிழித்துப் போட்ட பாங்குக் கடிதத்தைப் பற்றி மகனே நினைவுபடுத்தினான்: "அப்பாவுக்கு லோன் கிடைக்கலன்னுதான் என் பேர்ல எடுத்தோம்." அந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். வீடு விற்கப்படவில்லை. பெரியவர் அங்கேயே இருக்கிறார். இப்பொழுது அந்தத் தாளும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

எட்டு ஆண்டுக்கு முன் எழுதியிருக்க வேண்டிய தாள் அது. வீட்டுக்குப் போய் உங்கள் டின்னைத் திறந்து பாருங்கள். உங்கள் பணம் யாருடைய பெயரில் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்து வாருங்கள்.